மாப்பிள்ளையின் கார்டுக்குப் போன அப்பாவின் பணம்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தொலைபேசியில் அழைத்தார். வெண்டைக்காய் விலையைச் சொன்னார். பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்பா சும்மா இருந்தால் விஷயம் பணம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்புத்தகத்தில் நாற்பது ரூபாய் கணக்கு உதைத்தாலும் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது.

"அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மிச்சப் பணத்தைத் தருவார்களா, மாட்டார்களா?" என்றார் கடைசியில். "இரண்டு மாதம் ஆகிவிட்டது. என் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை."

ஏறாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஆனால் மருத்துவமனையிலிருந்து ஆளை நல்லபடியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நிம்மதியில், ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாயை நானும் மறந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். 2025 ஜூன் 12ஆம் தேதி அப்பாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்தோம். காப்பீடு இருந்தது. பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதியும் அதில் இருந்தது. ஆனாலும் ஒப்புதல் வரும்வரை அறுபதாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். நான் சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். அங்கே இருந்தவர் தங்கையின் கணவர். யோசிக்காமல் தம் கிரெடிட் கார்டை எடுத்துத் தேய்த்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் செய்தது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை.

அப்பா விடவில்லை. "மாப்பிள்ளை கடனோடு நான் கத்திக்குக் கீழே படுக்கமாட்டேன்" என்று தங்கையை வங்கிக்கு விரட்டினார். மறுநாள் காலை, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே, அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாப்பிள்ளையின் சேமிப்புக் கணக்குக்கு அறுபதாயிரமும் போய்விட்டது. இந்தக் கதையில் முக்கியமான வரி இதுதான். முன்பணத்தைக் கட்டியது மாப்பிள்ளையின் கார்டு, சுமந்தது அப்பா.

14ஆம் தேதி மாலை வீட்டுக்கு அனுப்பும்போது மொத்த பில் 1,12,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் 1,04,350 ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று அவர்கள் ஏற்காத வகையில் 7,650 ரூபாய் நம் தலையில். முன்பணத்தில் அதைக் கழித்தால் 52,350 ரூபாய் திரும்பி வரவேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் ரசீதைக் கொடுத்துவிட்டு, "எந்தக் கார்டில் கட்டினீர்களோ அதிலேயே வந்துவிடும் சார்" என்றார். ரசீதில் நோயாளி பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. தம் பெயரில் ரசீது இருப்பதால் தம் கணக்குக்கே பணம் வரும் என்று அப்பா நினைத்துக்கொண்டார். கார்டு தம்முடையது என்பதால் வந்தால் தெரியும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். இரண்டுமே நடக்கவில்லை.

பலர் இங்கே மருத்துவமனையோடு சண்டைக்குப் போவார்கள். "பணம் அப்பாவுடையது, அவர் கணக்குக்குப் போடுங்கள்" என்று கேட்பார்கள். அதைச் செய்ய அவர்கள் மறுத்தால் அது அவர்கள் பிடிவாதம் அல்ல. கார்டில் வாங்கிய பணத்தை அதே கார்டுக்குத்தான் திருப்பவேண்டும் என்பது கார்டு நிறுவனங்கள் வணிகர்களுக்கு விதித்திருக்கும் விதி. இணையத்தில் செலுத்தும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியும் 2020இல் இதையே சொன்னது: வாடிக்கையாளர் வேறு வழிக்கு ஒப்புக்கொண்டால் தவிர, பணம் வந்த வழியிலேயே திரும்பவேண்டும். காரணம் எளியது. கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு மறுநாள் ரத்து செய்து, பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ள முடியுமானால், கட்டணமும் வட்டியும் இல்லாமல் கார்டிலிருந்து ரொக்கம் எடுக்கும் குறுக்குவழி அது. திருட்டுக் கார்டு வைத்திருப்பவனுக்கோ கல்யாண விருந்து. எனவே வணிகரைப் பொறுத்தவரை பணத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வியே இல்லை. எந்தக் கார்டு என்பது மட்டும்தான் கேள்வி. உரியவரிடம் சேர்ப்பது முழுக்க முழுக்கக் குடும்பத்துக்குள் செய்யவேண்டிய வேலை.

அந்த வேலையில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

அப்பாவிடம், "மாப்பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்றேன். "மாப்பிள்ளையிடம் போய்ப் பணம் வந்ததா என்று கேட்பேனா? நம் வீட்டில் அந்தப் பழக்கம் உண்டா?" என்று என்மேல் பாய்ந்தார். சரி, நானே கேட்டேன். அவர் கள்ளமில்லாமல், "இல்லை மச்சான், எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்தால் அன்றைக்கே மாமாவுக்கு அனுப்பியிருக்கமாட்டேனா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். சேமிப்புக் கணக்கில் பார்த்தேன் என்றார்.

கிரெடிட் கார்டுக்குத் திரும்பும் பணம் சேமிப்புக் கணக்குக்கு வருவதில்லை. அது பணமாகவே வருவதில்லை. கார்டுக் கணக்கு என்பது நாம் வங்கிக்குத் தரவேண்டிய கடனின் கணக்கு. அங்கே ஐம்பதாயிரம் வரவு வைத்தால் நம் கையில் ஐம்பதாயிரம் ஏறாது, நம் கடன் ஐம்பதாயிரம் இறங்கும். டெபிட் கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் பணம் அதே வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருக்கும், குறுஞ்செய்தி வந்திருக்கும், மாப்பிள்ளை அன்றைக்கே அனுப்பியிருப்பார். கடன் குறைந்ததற்கு யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. அதனால்தான் கிரெடிட் கார்டு ரீஃபண்ட் இத்தனை வீடுகளில் மனக்கசப்பாக முடிகிறது. கொடுத்தவர் வந்திருக்கும் என்கிறார், கார்டுக்காரர் வரவில்லை என்கிறார், இருவருமே தாம் அறிந்தவரை உண்மையைச் சொல்கிறார்கள்.

முதலில், மருத்துவமனை அனுப்பியதா இல்லையா என்று உறுதி செய்யவேண்டியிருந்தது. "அனுப்பிவிட்டோம்" என்ற வாய்ச்சொல் போதாது. கார்டு வழியாகத் திரும்பும் ஒவ்வொரு தொகைக்கும் 23 இலக்க எண் ஒன்று உண்டு. ஏஆர்என் என்பார்கள். கடைக்கோ மருத்துவமனைக்கோ தேய்க்கும் இயந்திரத்தைக் கொடுத்த வங்கி உருவாக்கும் எண் அது. கவுன்ட்டரில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. கணக்குப் பிரிவைக் கேட்டு, "ரீஃபண்டின் ஏஆர்என் வேண்டும்" என்று சொன்னால் அவர்கள் தங்கள் வங்கியிடமிருந்து வாங்கித் தருவார்கள். எங்களுக்கு இரண்டாவது நாள் மின்னஞ்சலில் வந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இந்த எண்ணின் எட்டாவது இலக்கத்திலிருந்து பதினோராவது இலக்கம் வரை ஒரு தேதி ஒளிந்திருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. எங்களுடையதில் 5188 என்று இருந்தது. 2025ஆம் ஆண்டின் 188ஆம் நாள், அதாவது ஜூலை 7. ஜூன் 14ஆம் தேதி வீட்டுக்கு வந்தோம், மூன்று வாரத்துக்கு மேல் பணத்தை வைத்திருந்துவிட்டு ஜூலை 7ஆம் தேதிதான் திருப்பியிருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து தங்கள் பணம் வரும்வரை காத்திருந்தார்களோ என்னவோ. அந்தத் தாமதம் பின்னால் எங்கள் கணக்கையே மாற்றியது.

(முன்பணம் கட்டிய அன்றே, இயந்திரத்தின் அன்றைய கணக்கை முடிப்பதற்குள் காப்பீட்டு ஒப்புதல் வந்திருந்தால், கவுன்ட்டரிலேயே அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்திருக்கலாம். அப்போது ரீஃபண்ட் என்ற பேச்சே கிடையாது, பணம் எடுக்கப்படாததுபோல ஆகிவிடும். கணக்கு முடிந்தபின் அது முடியாது.)

ஆக, பணம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை, ஜூலை மாத கார்டு ஸ்டேட்மென்ட்டைக் கொஞ்சம் எடுங்கள்" என்றேன். எடுத்தார். அதில் ஜூலை 9ஆம் தேதிக்கு நேராக 52,350 என்று ஒரு தொகை, பக்கத்தில் Cr என்ற இரண்டு எழுத்துகள். அவ்வளவுதான். பெட்ரோலுக்கும் மளிகைக்கும் நடுவில், மருத்துவமனையின் பெயர் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. அந்த வரியைக் கண்டுபிடிக்க அவருக்கே இரண்டு நிமிடம் ஆனது.

இனி கணக்கு. அவருடைய கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் 18ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வரும். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். ஜூன் 18 ஸ்டேட்மென்ட்டில் மருத்துவமனையின் அறுபதாயிரத்தையும் சேர்த்து மொத்தம் 81,400 ரூபாய். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே முழுத் தொகையும் கழியும்படி அவர் வைத்திருந்ததால், ஜூலை 7ஆம் தேதி 81,400 ரூபாயும் போய்விட்டது. அப்பா கொடுத்த அறுபதாயிரம் அதில்தான் செலவானது. இரண்டே நாள் கழித்து, 9ஆம் தேதி, ரீஃபண்ட் வந்து சேர்ந்தது.

மருத்துவமனை ஜூன் 18க்குள் திருப்பியிருந்தால், பில்லே 29,050 ரூபாய்க்கு வந்திருக்கும். அப்பா அறுபதாயிரம் கொடுத்திருக்க, கார்டுக்குப் போவது குறைவாக இருப்பது மாப்பிள்ளையின் கண்ணில் உடனே பட்டிருக்கும். ஜூன் 18க்கும் ஜூலை 7க்கும் இடையில் வந்திருந்தால், கட்டவேண்டிய தொகையில் அதை உடனே கழித்து வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த கார்டு விதி. இருந்தாலும் என் அனுபவத்தில் ஓர் எச்சரிக்கை: வங்கி கழித்துவிட்டது என்று எழுத்தில் தெரியாதவரை நீங்களாகக் கழித்துக்கொண்டு குறைவாகக் கட்டாதீர்கள். கழிக்காமல் விட்டிருந்தால் வட்டி ஏறும், பிறகு அதற்காக வாதாடிக்கொண்டிருக்கவேண்டும். முழுதாகக் கட்டினால் அதிகமானது கார்டில் வரவாக நிற்கும், எங்கும் போகாது.

எங்களுடையது மூன்றாவது வகை. பில்லைக் கட்டியபின் வந்த பணம். கட்டிய கடனுக்கு மேல் வரவு வந்தால், வங்கிதான் கார்டுக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறது. இதற்கும் ரிசர்வ் வங்கியின் அதே விதிகளில் தெளிவான வழி இருக்கிறது. கார்டின் கடன் வரம்பில் ஒரு விழுக்காடு அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைவிட ரீஃபண்ட் அதிகமாக இருந்தால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று வங்கி ஏழு நாளுக்குள் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்கவேண்டும். பதில் இல்லையென்றால் பணத்தை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடவேண்டும். மாப்பிள்ளையின் வரம்பு மூன்று லட்சம், அதில் ஒரு விழுக்காடு மூவாயிரம். 52,350 அதைத் தாண்டி எங்கோ இருக்கிறது. அப்படியானால் வங்கி கேட்டிருக்கவேண்டுமே?

கேட்டிருந்தது. ஜூலை 11ஆம் தேதி ஆங்கிலத்தில் நான்கு வரிச் செய்தி. மாப்பிள்ளை அன்று அலுவலகக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். ஏதோ ஒப்புதல் கேட்கிறார்கள் என்று 'சம்மதம்' என்று அமுக்கிவிட்டார். பதிலே சொல்லாமல் சும்மா இருந்திருந்தால் பணம் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வந்திருக்கும், கதை ஜூலையிலேயே முடிந்திருக்கும். சோம்பேறித்தனத்துக்குப் பலன் தரும் விதி வங்கித் துறையில் அபூர்வம். அதையும் அவர் நழுவவிட்டார்.

சம்மதம் சொன்னதால் பணம் கார்டில் தங்கியது. ஜூலை 18 ஸ்டேட்மென்ட் வரை அவருடைய செலவு 18,900 ரூபாய். ரீஃபண்டில் அது கழிந்து, 33,450 ரூபாய் வரவு என்று காட்டியது. கட்டவேண்டிய தொகை பூஜ்யம். பூஜ்யம் என்றதும் மனிதர் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தே பார்க்கவில்லை. ஜூலைக் கடைசியில் மகளின் பள்ளிக் கட்டணம் 27,000 ரூபாயை அதே கார்டில் கட்டினார். ஆகஸ்ட் 10ஆம் தேதி நாங்கள் பேசியபோது கார்டில் மீதமிருந்த வரவு 6,450 ரூபாய். அப்பாவின் பணத்தில் 45,900 ரூபாய், பெட்ரோலாகவும் மளிகையாகவும் பேத்தியின் படிப்பாகவும் கரைந்துவிட்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை.

"அப்படியென்றால் 6,450 தானே மச்சான் இருக்கிறது?" என்றார் மாப்பிள்ளை, குரல் இறங்கி.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கார்டில் மீதம் எவ்வளவு இருக்கிறது என்பது வங்கிக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. அப்பாவுக்குத் தரவேண்டியது அதைச் சார்ந்ததே அல்ல. அதை அறிய ஸ்டேட்மென்ட்கூட வேண்டாம். அப்பா கொடுத்தது அறுபதாயிரம். மருத்துவமனை கடைசியில் எடுத்துக்கொண்டது 7,650. மீதி 52,350 அப்பாவுடையது, அது எந்த உருவத்தில் யாரிடம் இருந்தாலும். அப்பா முன்கூட்டியே பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் கணக்கு நேர் எதிராக இருந்திருக்கும். ரீஃபண்ட் மாப்பிள்ளையுடையதாகவே இருக்கும், அப்பா அவருக்கு 7,650 ரூபாய் மட்டும் கொடுத்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கார்டுக்காரருக்கு யாரும் ஒரு பைசாவும் கொடுக்காமலேயே, "ரீஃபண்ட் வந்துவிட்டதாமே, அனுப்பு" என்று கேட்டு அவரை அழவைத்துவிட்டார்கள். ரசீதில் யார் பெயர், கார்டில் யார் பெயர் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, செலவைக் கடைசியில் யார் கையிலிருந்து கொடுத்தார்கள் என்று மட்டும் பார்க்கவேண்டும்.

சரி, 45,900 ரூபாய் எங்கே போனது? ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினேன். ஜூலை ஸ்டேட்மென்ட்டின் 18,900 ரூபாயை ரீஃபண்ட் இல்லையென்றால் ஆகஸ்ட் 7ஆம் தேதி அவர் சேமிப்பிலிருந்து கட்டியிருக்கவேண்டும். கட்டவில்லை. ஆகவே அந்தப் பணம் இன்னும் சேமிப்பில்தான் இருக்கிறது. பள்ளிக் கட்டணம் 27,000 ஆகஸ்ட் 18 ஸ்டேட்மென்ட்டில் வந்து செப்டம்பர் 7ஆம் தேதி கட்டவேண்டியதாக இருந்திருக்கும். அதையும் கட்டப்போவதில்லை. அது செப்டம்பர் சம்பளத்தில் மிச்சமாகும். கார்டு ரீஃபண்ட் பணமாக மாறுவது, கட்டவேண்டிய பில்லைக் கட்டாமல் விடும் அந்தந்த 7ஆம் தேதிகளில்.

மாப்பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுதானே பார்த்தேன்" என்றார். "இந்த மாதம் கையில் கொஞ்சம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று உங்கள் தங்கையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் மச்சான்."

தங்கை சமையலறையிலிருந்து, "புது மிக்சி வாங்கலாம் என்று சொன்னார்" என்றாள்.

பிறகு நடந்தது நேரான வேலை. சேமிப்பிலிருந்த 18,900 ரூபாயை அன்றைக்கே அப்பாவின் கணக்குக்கு அனுப்பினார். கார்டில் நின்ற 6,450 ரூபாயை வங்கியிடம் கேட்டு வாங்க முடிவு செய்தோம். அந்தச் சிறு தொகைக்கு அது அவசியமில்லை. சேமிப்பிலிருந்து அனுப்பிவிட்டு வரவைக் கார்டிலேயே செலவழிக்க விட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். கார்டில் உள்ள வரவைத் தன் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தரும்படி கார்டுக்காரர் கேட்டால், கேட்ட மூன்று வேலை நாளுக்குள் வங்கி மாற்றித் தரவேண்டும். இதற்கு அந்த ஒரு விழுக்காட்டுக் கணக்கெல்லாம் இல்லை, எவ்வளவு சிறிய தொகைக்கும் பொருந்தும். முன்பு சம்மதம் என்று அமுக்கிவிட்டதும் இதற்குத் தடையில்லை. கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டார். வேறு வங்கியின் கணக்காக இருந்ததால், பெயர் அச்சிட்ட, குறுக்கே கோடு போட்டு ரத்து செய்த காசோலை ஒன்றின் படத்தைக் கேட்டார்கள். மூன்றாம் நாள் பணம் வந்தது.

இதில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லவேண்டும். வங்கி அந்தப் பணத்தை அனுப்புவது கார்டுக்காரரின் சொந்தக் கணக்குக்குத்தான். அப்பாவின் கணக்கு எண்ணைக் கொடுத்து நேராக அங்கே போடச் சொன்னால் செய்யமாட்டார்கள். அதனால் எப்போதும் இரண்டு தாவல்கள் இருக்கும், கார்டிலிருந்து கார்டுக்காரரின் சேமிப்புக்கு, அங்கிருந்து உரியவருக்கு. இரண்டாவது, கேட்கவேண்டியவரும் கார்டுக்காரர் மட்டுமே. நான் வங்கியில் இருந்தவன், எல்லாம் தெரிந்தவன் என்று மாப்பிள்ளை சார்பில் நான் அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் பேசக்கூடாது, பேசவும் மாட்டார். உறவுக்காரர் ஆயிற்றே என்று ஓடிபியை வாங்கிக்கொண்டு நாமே செய்வதும் கூடாது. ரீஃபண்ட் வரவில்லை என்று இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, அங்கே கிடைத்த போலி எண்ணுக்கு அழைத்து, இருந்த பணத்தையும் இழந்தவர்களை எங்கள் கிளையிலேயே பார்த்திருக்கிறேன்.

கார்டில்தான் வரவு இருக்கிறதே, ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்துவிடலாமே என்றும் மாப்பிள்ளை கேட்டார். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. தன் பணத்தைத் தானே எடுப்பதற்குக் கட்டணம் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கார்டு மாப்பிள்ளையுடைய சொந்தக் கார்டாக இருந்ததால் எங்கள் கணக்கு இவ்வளவோடு முடிந்தது. தங்கையிடம் இருக்கும் துணைக் கார்டில் தேய்த்திருந்தாலும் பணம் மாப்பிள்ளையின் கணக்கில்தான் வரவாகியிருக்கும். துணைக் கார்டுக்குத் தனிக் கணக்கு கிடையாது. அவள் தன் கார்டைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. கார்டு தொலைந்து புதிய எண் வாங்கியிருந்தாலும் கவலையில்லை. பழைய எண்ணுக்கு வரும் ரீஃபண்டை வங்கி அதே கணக்கில்தான் சேர்க்கும். கார்டுக் கணக்கையே மூடிவிட்டிருந்தால்தான் அந்த 23 இலக்க எண்ணோடு வங்கியைத் தேடிப் போகவேண்டும்.

உண்மையில் சிக்கலானது மாதத் தவணையாக மாற்றிய தொகை. மாப்பிள்ளை முதலில் அந்த அறுபதாயிரத்தை ஆறு தவணையாக மாற்றலாமா என்று யோசித்திருக்கிறார். அப்பா பணம் கொடுத்துவிட்டதால் விட்டுவிட்டார். நல்லவேளை. மாற்றியிருந்தால் ரீஃபண்ட் ஒரு பக்கம் வரவாக நிற்க, தவணை மறுபக்கம் வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கலாம். ரீஃபண்ட் வந்ததாலேயே தவணைக் கடன் தானாக நின்றுவிடும் என்று நம்பக்கூடாது. வங்கியை அழைத்து அதை முடிக்கச் சொல்லவேண்டும். தவணைக்காக வாங்கிய செயல்பாட்டுக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. அந்தக் கட்டணத்தை யார் ஏற்பது என்று அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நான் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்திருப்பேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கார்டில் இங்கே பணம் கட்டும் வீடுகளில் இன்னொரு தலைவலி இருக்கிறது. கட்டிய நாளில் ஒரு மாற்று விகிதம், திரும்பிய நாளில் வேறொன்று. அந்நியச் செலாவணிக் கட்டணம் போனது போனதுதான். அறுபதாயிரம் ரூபாய் கட்டி அறுபதாயிரமும் திரும்பி வந்தாலும், மகனின் கார்டில் திர்ஹமோ டாலரோ பெரும்பாலும் சற்றே குறைவாக ஏறியிருக்கும். அங்கே ரூபாய்க் கணக்கு பார்க்காமல், மகனின் கார்டில் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்று அவன் நாணயத்தில் பார்த்துத் தீர்த்துக்கொள்வதுதான் நியாயம். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் அவன் உதவி செய்தான்.

பணத்தை அனுப்பும்போது குறிப்பில், 'மருத்துவமனை முன்பணம் திரும்பியது' என்று எழுதச் சொன்னேன். மருத்துவமனை ரசீது, ஸ்டேட்மென்ட்டின் அந்த ஒரு பக்கம், ஏஆர்என் வந்த மின்னஞ்சல் மூன்றையும் அப்பாவின் கோப்பில் வைத்தேன். மாப்பிள்ளை எதற்காகப் பணம் அனுப்பினார் என்று பின்னாளில் யாராவது கேட்டால், அது அன்பளிப்பும் அல்ல, கடனும் அல்ல என்று காட்ட அந்தத் தாள்கள் போதும்.

ஆகஸ்ட் 14ஆம் தேதி 6,450 ரூபாயும் அப்பாவின் கணக்குக்குப் போனது. மீதி 27,000 ரூபாயைச் செப்டம்பர் 7ஆம் தேதி தருவதாக மாப்பிள்ளை சொன்னார். நான் சரி என்றேன். அப்பாவிடம் இந்தத் தேதி விவரத்தைச் சொன்னபோது, "அவசரமில்லை, பேத்தியின் பள்ளிக் கட்டணம்தானே, அதை நான் கட்டியதாகவே இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. அது வேறு பேச்சு மாமா, இதை அதில் கலக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கே அனுப்பிவிட்டார்.

மறுநாள் அப்பா வங்கிக்கு நடந்தே போய்ப் பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வரிகளையும் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் கூட்டிப் பார்த்திருந்தார். 18,900, 6,450, 27,000. கூட்டினால் 52,350. அன்று மாலை மறுபடி தொலைபேசி.

"கணக்கு சரியாக இருக்கிறது" என்றார். பிறகு, "அந்த 7,650 ரூபாய்க்கு என்னென்ன என்று மருத்துவமனைத் தாளைப் பார்த்தேன். கையுறை மட்டும் நாற்பத்தெட்டு ஜோடி போட்டிருக்கிறார்கள். இருந்தது இரண்டு ராத்திரி. எத்தனை பேர் என்னைத் தொட்டார்கள்?"